பித்தளைத் துண்டில ஏறின செம்பு: கணக்கு 0.36 எண்டுது, தராசு 0.28 எண்டுது, எது பொய்?

மின்முலாம் பூசுற பாடம் ஓஎல்லிலயும் வரும் ஏஎல்லிலயும் வரும், கணக்குப் போடச் சொன்னால் எங்கட பெடியள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுடுவினம். ஆனா உண்மையா ஒரு போத்தலுக்க நீலத் தண்ணியை ஊத்தி வயரைக் குடுத்து செய்து பாத்திட்டு தராசில வைச்சால் விடை ஒத்து வராது, அதோட குழப்பம் தொடங்கும். சிலர் சூத்திரம் பிழை எண்டுவினம், சிலர் தராசு பிழை எண்டுவினம், இன்னும் சிலர் "நான் கரண்டே குடுக்கேல்ல, ஆணியைச் சும்மா போட்டன், அதிலயும் செம்பு ஏறிட்டுது, பிறகென்னத்துக்கு பற்றரி" எண்டு கேப்பினம். கடைசிக் கேள்வி நல்ல கேள்வி, அதுக்குக் கீழ வாறன்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஏஎல் பெடியன் செய்த செயற்பாட்டை வைச்சே இதை விளங்கப்படுத்தலாம். அவன் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டுக்கு செம்பு பூசினவன். கணக்குப்படி 0.36 கிராம் கூடியிருக்க வேணும், தராசு 0.28 எண்டு காட்டினது. மிச்சம் 0.08 கிராம் எங்க போனது எண்டு தேடிப் போனால் இந்தப் பாடத்தில முக்கியமான எல்லாம் வழியிலயே வந்திடும்.

போத்தலுக்க என்ன நடக்குது

முதல்ல பேரெல்லாம் ஒருக்கா. பூச வேண்டிய பொருளை பற்றரியின்ர மறை முனையோட தொடுக்கிறது, அதுக்குப் பேர் கதோட்டு. நேர் முனையோட ஒரு செம்புத் தகடு, அதுதான் அனோட்டு. ரெண்டும் ஒண்டையொண்டு முட்டாமல் செப்பு சல்பேற்றுக் கரைசலுக்க நிக்கும். செப்பு சல்பேற்று எண்டால் வேற ஒண்டுமில்லை, எங்கட ஆக்கள் துருசு, மயில்துத்தம் எண்டு சொல்லுற அந்த நீலக் கல்லுத்தான்.

அந்த நீலக் கல்லுத் தண்ணியில கரைஞ்ச உடன செம்பு தனித்தனி அயனாப் பிரிஞ்சு நிக்கும். அயன் எண்டால் இலத்திரனைக் குடுத்தோ வாங்கியோ ஏற்றம் பெற்ற அணு. செப்பு அயனுக்கு ரெண்டு இலத்திரன் குறைவு, அதாலதான் அதை `Cu²⁺` எண்டு எழுதுறம். பற்றரி கதோட்டுக்கு இலத்திரனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கதோட்டுக்குக் கிட்ட வாற செப்பு அயன் ரெண்டு இலத்திரனை வாங்கி, அயனா இருந்தது முழுச் செம்பு அணுவா மாறி அந்த இடத்திலயே ஒட்டிப்போடும். மற்றப் பக்கம் அனோட்டில இதுக்கு நேர்மாறா நடக்கும், செம்பு அணு ரெண்டு இலத்திரனை விட்டிட்டு அயனாக் கரைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கும்.

```
கதோட்டு:  Cu²⁺ + 2e⁻ → Cu
அனோட்டு:  Cu → Cu²⁺ + 2e⁻
```

இதில ஒரு வடிவான விசயம் இருக்கு. ஒரு பக்கம் எவ்வளவு ஏறுதோ மற்றப் பக்கம் அவ்வளவு இறங்குது, அதால நீல நிறம் மங்காது. மங்கினால் அனோட்டு செம்பில்லை எண்டு விளங்கும். பென்சில் கரியை அனோட்டா வைச்சுப் பாருங்கோ, அங்க கரைய செம்பு இல்லாததால ஒட்சிசன் குமிழிதான் வரும், கரைசலில இருக்கிற செம்பு மட்டும் போய்ப்போய் நீலம் வெளிறிக்கொண்டு வரும்.

அனோட்டு இழக்கிறதும் கதோட்டு பெறுறதும் ஒண்டு எண்ட இந்த விசயத்தை ஞாபகத்தில வைச்சிருங்கோ, பெடியன்ர 0.08 கிராமைப் பிடிக்க இதுதான் சாட்சிக்கு வரப்போகுது.

இலத்திரனை எண்ணுறது எப்பிடி

ஒரு செப்பு அயன் கதோட்டில ஏற ரெண்டு இலத்திரன் வேணும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்ப எத்தினை இலத்திரன் போனது எண்டு தெரிஞ்சால் எத்தினை செம்பு அணு ஏறினது எண்டு தன்பாட்டில தெரியும். பிரச்சினை என்னெண்டால் இலத்திரனை ஆர் எண்ணுறது. அம்பியர் மீற்றர்தான் எண்ணுறது.

வாய்க்காலை யோசிச்சால் சுகம். இரணைமடுத் தண்ணி உங்கட வயலுக்கு எவ்வளவு வந்தது எண்டு அறிய வேணுமெண்டால் ரெண்டு விசயம் தெரிய வேணும், ஒரு செக்கனுக்கு எவ்வளவு பாயுது, எவ்வளவு நேரம் பாஞ்சது. ரெண்டையும் பெருக்கினால் மொத்தத் தண்ணி. இங்கயும் அதே கதைதான்:

1. மின்னோட்டம் எண்டது ஒரு செக்கனுக்கு எவ்வளவு ஏற்றம் பாயுது எண்ட அளவு. அலகு அம்பியர்.
2. மின்னோட்டத்தை நேரத்தால பெருக்கினால் மொத்தம் பாஞ்ச ஏற்றம். அலகு கூலோம். நேரம் செக்கனில இருக்க வேணும், நிமிசத்தில போட்டு மாட்டுப்படுற ஆக்கள்தான் கூட.
3. ஒரு மூல் இலத்திரனில இருக்கிற ஏற்றம் கிட்டத்தட்ட 96500 கூலோம். இதைத்தான் பரடே மாறிலி எண்டுறது. மைக்கல் பரடே இந்தத் தொடர்பை 1830களில பரிசோதனை செய்து கண்டவர், அந்தக் காலத்தில இலத்திரன் எண்டு ஒண்டு இருக்கெண்டே ஆருக்கும் தெரியாது, நிறுத்து நிறுத்துப் பாத்தே பிடிச்ச மனிசன்.
4. ஒரு மூல் செம்பு 63.5 கிராம், அதை ஏத்த ரெண்டு மூல் இலத்திரன் வேணும். அதாவது 193000 கூலோமுக்கு 63.5 கிராம்.

எல்லாத்தையும் சேத்து எழுதினால் கீழ இருக்கிற சூத்திரம் வரும். அதில `m` ஏறுற எடை, `I` மின்னோட்டம், `t` நேரம், `M` ஒரு மூலின்ர எடை, `n` ஒரு அயனுக்கு வேண்டிய இலத்திரன் எண்ணிக்கை, `F` பரடே மாறிலி:

```
m = (I × t × M) / (n × F)

செம்புக்கு:  m = I × t × 63.5 / (2 × 96500)
             m = I × t × 0.000329   (கிராமில)
```

கடைசி வரியைப் பாடமாக்கினாலே போதும். ஒரு கூலோமுக்கு 0.000329 கிராம் செம்பு. இன்னும் சுகமா வேணுமெண்டால் பற்றரி பாவிக்கிற ஆக்களுக்கு எண்டே ஒரு கணக்கு இருக்கு, ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் 3600 கூலோம், அதுக்கு 1.18 கிராம் செம்பு. மோட்டார் சைக்கிள் பற்றரியில 5 அம்பியர்-மணி எண்டு அடிச்சிருந்தால் அது முழுக்க இறங்குமட்டும் ஓடினாலும் ஆறு கிராம் செம்பு கூட ஏறாது. பெரிய குத்துவிளக்கொண்டுக்கு தடிப்பா செம்பு பூசுவம் எண்டு பற்றரியோட வெளிக்கிடுறவை இதை முதல்ல யோசிக்க வேணும்.

இந்தக் கணக்கு எங்கட இடத்துக்குப் புதுசும் இல்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஓடின காலத்தில ஆனையிறவு உப்பைக் கரைச்சு கரண்ட் விட்டுத்தான் எரிசோடாவும் குளோரினும் எடுத்தவை, அங்கயும் எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு குளோரின் எண்டுறதுக்கு அடிப்படை இதே சூத்திரம்தான், `M`-உம் `n`-உம் மட்டும் மாறும்.

சூத்திரத்தில இல்லாத ரெண்டு பேர்

சூத்திரத்தை இன்னொருக்காப் பாருங்கோ. வோல்ற்றளவு அதில இல்லை. கரைசலின்ர செறிவும் இல்லை. கனபேர் குழம்புறது இந்த இடத்திலதான்.

12 வோல்ற் குடுத்தால் 6 வோல்ற்றை விட ரெண்டு மடங்கு ஏறும் எண்டு நினைக்கினம். வோல்ற்றளவு தள்ளுற விசை மட்டும்தான், அந்தத் தள்ளலால எவ்வளவு மின்னோட்டம் பாஞ்சது எண்டதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. ரெண்டு பக்கமும் செம்பு இருக்கிற இந்தப் போத்தலுக்கு ஒரு வோல்ற் கூடத் தேவைப்படாது. அதால 12 வோல்ற் பற்றரியை நேர தொடுத்தால் மின்னோட்டம் கண்டபாட்டுக்கு எகிறி எல்லாம் கருகிப்போம். இதுக்கு வன்னியில எங்கயும் கிடைக்கிற ஒரு மலிவான வழி இருக்கு, 12 வோல்ற் 5 வாற்ஸ் மோட்டார் சைக்கிள் பார்க் லைற் பல்ப் ஒண்டை வயரில தொடரா இடையில கொழுவுறது. 5 ஐ 12 ஆல பிரிச்சால் 0.42, அப்ப மின்னோட்டம் கிட்டத்தட்ட 0.4 அம்பியரோட நிண்டிடும். பல்ப் எரியுது எண்டால் கரண்ட் ஓடுது எண்டும் அர்த்தம், ரெண்டு வேலை ஒண்டில. எல்ஈடி பல்ப் சரிவராது, பழைய இழை பல்ப்தான் வேணும்.

செறிவு சூத்திரத்தில இல்லாட்டியும் சும்மா விடுற ஆள் இல்லை. எத்தினை கிராம் ஏறும் எண்டதை அது மாத்தாது, ஆனா ஏறினது ஒட்டி நிக்குமா உதிருமா எண்டதை அதுதான் தீர்மானிக்கும். பெடியன் மாட்டுப்பட்டது இதிலதான்.

பெடியன் செய்த விதம்

தகடு 5 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் அகலம். ரெண்டு பக்கமும் சேத்தால் 40 சதுர சென்ரிமீற்றர். 0.4 அம்பியரை 40 ஆல பிரிச்சால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.01 அம்பியர் வரும். இதை மின்னோட்ட அடர்த்தி எண்டுவினம், கலக்காமல் சும்மா வைச்சிருக்கிற போத்தலுக்கு இது பாதுகாப்பான அளவுதான், கரைசல் ஒழுங்கா இருந்தால்.

தகட்டைத் துப்பரவாக்கினதில பெடியனில ஒரு பிழையும் இல்லை. முதல்ல சவுக்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தவன், பிறகு அம்மா விளக்கு மினுக்கிற மாதிரி புளி போட்டுத் தேச்சவன். புளியில இருக்கிற அமிலம் பித்தளையின்ர மேல் ஒட்சைட்டைக் கரைச்சுப்போடும், கோயில் சாமான் மினுங்கிறதும் இதாலதான். கழுவினாப் பிறகு தண்ணி தகட்டில ஒரே படலமா நிக்குதா எண்டு பாக்க வேணும், திட்டுத்திட்டா உருண்டு ஓடினால் இன்னும் எண்ணெய் கிடக்கு, அந்த இடத்தில செம்பு ஒட்டாமல் பிறகு தோலா உரியும். இந்தச் சோதினைக்குக் காசும் இல்லை, கருவியும் இல்லை. கழுவினதுக்குப் பிறகு விரலால தொடக்கூடாது, ஓரத்தில பிடிக்க வேணும்.

அனோட்டு பழைய ஃபிரிட்ஜின்ர செம்புக்குழாய், வெட்டித் தட்டித் தகடாக்கினது. மூலம் 10 வாற்ஸ் சின்ன சோலர் பனல், இடையில அந்த 5 வாற்ஸ் பல்ப், ஒரு மல்ரிமீற்றர். நேரம் 45 நிமிசம். தொடங்கேக்க மீற்றரைப் பாத்தவன், 0.40 காட்டினது, எழுதி வைச்சிட்டு விட்டிட்டான்.

```
I = 0.40 அம்பியர்
t = 45 × 60 = 2700 செக்கன்
ஏற்றம் = 0.40 × 2700 = 1080 கூலோம்
m = 1080 × 0.000329 = 0.355 கிராம்
```

தகட்டின்ர எடை முதல் 48.12 கிராம், பிறகு 48.40. கூடினது 0.28. அந்தத் தராசு நகைக்கடையில பாவிக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டுற தராசு, ரெண்டு தரம் நிறுத்ததால 0.01 இல்லாட்டி 0.02 பிசகலாம், ஆனா 0.08 பிசகாது.

0.08 கிராம் எங்க போனது

நான் முதல்ல கேட்டது அனோட்டின்ர எடையைத்தான். நல்ல வேளை அவன் அதையும் முன்னுக்கு நிறுத்து வைச்சிருந்தவன், இல்லாட்டி ஒண்டும் பிடிச்சிருக்க ஏலாது. அனோட்டைத் தேச்சுக் கழுவிக் காயவிட்டு நிறுத்தால் 0.31 கிராம் குறைஞ்சிருந்தது.

இது பெரிய துப்பு. ஒரே வயரில ஓடுற கரண்ட், ஒரே ஏற்றம், அப்ப அனோட்டு 0.31 இழந்தால் கதோட்டும் 0.31 பெற்றிருக்க வேணும். கணக்கு சொன்ன 0.355-ஐ அனோட்டுமே ஒத்துக்கொள்ளேல்ல எண்டால் முதல் பிழை கதோட்டில இல்லை, நாங்கள் போட்ட கூலோமிலயே இருக்கு. அதுக்குப் பிறகு 0.31-க்கும் 0.28-க்கும் இடையில இருக்கிறது தனிப் பிழை. 0.08 எண்டது ஒரு ஓட்டை இல்லை, ரெண்டு ஓட்டை.

*முதல் ஓட்டை: முகில்.* சோலர் பனலில ஓடினது, இடையில பத்து நிமிசம் முகில் மூடினது அவனுக்கே ஞாபகம் இருந்தது, பல்ப் மங்கினதையும் பாத்தவன், ஆனா கணக்கில போடேல்ல. அடுத்த நாள் அதே மாதிரி முகில் வரேக்க மீற்றரைப் பாக்கச் சொன்னன், 0.15-க்கு இறங்கினது. அதை வைச்சுத் திருப்பிப் போட்டால்:

```
முதல் 20 நிமிசம்:   0.40 × 1200 = 480
முகில் 10 நிமிசம்:  0.15 ×  600 =  90
கடைசி 15 நிமிசம்:   0.40 ×  900 = 360
மொத்தம் = 930 கூலோம்
m = 930 × 0.000329 = 0.306 கிராம்
```

அனோட்டு இழந்த 0.31-ஓட இது தராசின்ர பிசகுக்குள்ள ஒத்துப்போகுது. வாய்க்கால் கதவை இடையில பாதிக்கு இறக்கினதை மறந்திட்டு முழுக்கத் திறந்து கிடந்தது எண்டு தண்ணிக் கணக்குப் போட்ட மாதிரித்தான். சூத்திரத்தில இருக்கிற `I × t` மின்னோட்டம் மாறாமல் இருந்தால் மட்டும்தான் சரி. மாறினால் துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்டையும் பெருக்கிக் கூட்ட வேணும், மின்னோட்ட-நேர வரைபின்ர கீழ்ப் பரப்பளவு எண்டு ஏஎல் புத்தகத்தில சொல்லுறது இதைத்தான். பற்றரியில ஓடினாலும் அது இறங்க இறங்க மின்னோட்டம் கொஞ்சம் குறையும், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மீற்றரைப் பாத்து எழுதுறதை விட வேற வழி இல்லை.

*ரெண்டாவது ஓட்டை: உதிர்ந்த தூள்.* 0.31 ஏற வேண்டிய இடத்தில 0.28. போத்தலின்ர அடியைப் பாத்தால் கடுஞ்சிவப்பா, கிட்டத்தட்ட மண்ணிறத்தில ஒரு தூள் கிடந்தது. தகட்டின்ர நாலு மூலையும் அனோட்டைப் பாத்த ஓரமும் அதே நிறத்தில சொரசொரப்பா இருந்தது, விரலால தடவ விரலில ஒட்டினது. நடுப்பகுதி மட்டும் வடிவான இளஞ்சிவப்பு.

இந்தத் தூளும் செம்புதான், இலத்திரன் அதுக்கும் சரியாத்தான் செலவானது. ஆனா இறுக்கமாக் கட்டாமல் பொரியல் மாதிரி வளந்து கழுவேக்க உதிர்ந்து போச்சு. ஏன் இப்பிடி எண்டால் அவன் அரை லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி துருசுதான் போட்டவன், 15 கிராம் வரும். கதோட்டை ஒட்டின மெல்லிய தண்ணிப் படலத்தில இருக்கிற செப்பு அயன் மடமடவெண்டு ஏறி முடிய, பின்னுக்கு இருந்து புது அயன் வந்து சேர நேரம் எடுக்கும். கரைசல் ஐதா இருந்தால் அந்த வரவு ஏறுற வேகத்துக்கு ஈடு குடுக்க மாட்டாது. அப்ப அயன் ஒழுங்கா அடுக்குப்பட நிக்காது, ஆர் கிட்ட வந்தாலும் நீட்டிக்கொண்டு நிக்கிற நுனியில போய் ஒட்டும், நுனி இன்னும் நீளும், கடைசியில தூள். மூலையிலயும் ஓரத்திலயும் மின்னோட்டம் கூடக் குவியும் எண்டதால முதல்ல கருகிறது அங்கதான். இதுக்கும் மேல போனால் ஐதரசன் குமிழியும் வரத்தொடங்கும், அப்ப இலத்திரன் ஐதரசனுக்கும் பங்கு போய் செம்பின்ர எடை உண்மையிலயே குறையும். கதோட்டில குமிழி கண்டால் உடன மின்னோட்டத்தைக் குறைக்க வேணும்.

தொழில் முறையில செய்யிறவை லீற்றருக்கு 200 கிராம் அளவில துருசும் 50, 60 கிராம் சல்பூரிக்கமிலமும் பாவிக்கினம். அப்ப அரை லீற்றருக்கு 100 கிராம் துருசு, அதோட பற்றரி அசிட் எண்டால் 50 மில்லிலீற்றர் மட்டுமட்டா அந்த அளவுக்கு வரும். அமிலம் கரைசலைக் கரண்ட் நல்லாக் கடத்த வைக்கும், பூச்சும் நெருக்கமா வரும். அசிட்டைத் தண்ணிக்குள்ள மெதுவா விட வேணும், மாறித் தண்ணியை அசிட்டுக்குள்ள விட்டால் கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் இந்த வேலை வேண்டாம்.

தண்ணி பற்றியும் ஒண்டு சொல்ல வேணும். வன்னிக் கிணத்துத் தண்ணி கனக்க இடத்தில கல்சியம் கூடின தண்ணி, கேத்திலின்ர உள்ளுக்க வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள். அந்தக் கல்சியம் சல்பேற்றோட சேந்து ஜிப்சமாப் படிஞ்சு கரைசலைக் கலங்கப்பண்ணும், பூச்சில துணிக்கை துணிக்கையா ஒட்டும். பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணியை வாங்கினால் வேலை முடிஞ்சுது.

நிறுக்கேக்க ஒரு கடைசிப் பொறி. ஒரு துளி தண்ணி 0.05 கிராம் வரும். நாங்கள் தேடுற மொத்தப் பிழையே 0.08. கொழுவின ஓட்டைக்க ஒரு துளி நிண்டால் காணும், கணக்கு தலைகீழ். கழுவி, ஸ்பிரிற்றில தோச்செடுத்து, துடைக்காமல் காயவிட்டு, பிறகுதான் தராசு.

பெடியன் கரைசலை மாத்தி, மீற்றரை அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எழுதி, அனோட்டைத் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் வைச்சு திருப்பிச் செய்தவன். எழுதின மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக் கூட்ட 1044 கூலோம், அதுக்கு 0.34 கிராம். தகட்டில கூடினதும் 0.34. அனோட்டில குறைஞ்சது 0.35.

இவ்வளவு பாடுபட்டு ஏறின செம்பின்ர தடிப்பு எவ்வளவு எண்டு கேட்டால் சிரிப்புத்தான் வரும். 0.34 கிராமை செம்பின்ர அடர்த்தி 8.96 ஆல பிரிச்சு, பிறகு 40 சதுர சென்ரிமீற்றரால பிரிச்சால் 0.00095 சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றரில நூறில ஒரு பங்கு கூட இல்லை. சந்தையில "செம்பு" எண்டு சொல்லி விக்கிற சில சாமானை சாண்ட் பேப்பரால ஒரு இழுவை இழுத்தால் வெள்ளையா உள்ளுக்க தெரியிறது இதாலதான், இவ்வளவு மெல்லிசு போதும் கண்ணை ஏமாத்த.

ஆணியில சும்மா ஏறின செம்பு

இனி அந்தக் கேள்வி. இரும்பு ஆணியைக் கரைசலுக்க போட்டால் வயரும் வேண்டாம் பற்றரியும் வேண்டாம், ரெண்டு நிமிசத்தில சிவந்திடும். உண்மைதான். ஆனா அது மின்முலாம் இல்லை. இரும்பு செம்பை விட இலேசா இலத்திரனைக் கைவிடுற உலோகம், அது தானே கரைஞ்சு தன்ர இலத்திரனை செப்பு அயனுக்குக் குடுக்குது.

```
Fe + Cu²⁺ → Fe²⁺ + Cu
```

தராசு இதை உடன காட்டிக்குடுக்கும். 63.5 கிராம் செம்பு ஏற 55.8 கிராம் இரும்பு கரைஞ்சு போக வேணும். பெடியன்ர தகட்டில ஏறின 0.34 கிராம் செம்பு ஆணியில இப்பிடி ஏறினால் 0.30 கிராம் இரும்பு போயிருக்கும், ஆணியின்ர எடை கூடுறது வெறும் 0.04 தான். அமிலம் இருந்தால் அமிலமும் தன் பங்குக்கு இரும்பைத் தின்னும், துணியால ஒருக்காத் துடைச்சால் செம்பும் கையோட வரும், கடைசியில நிறுத்தால் ஆணி முந்தினதை விடக் குறைவா நிக்கும்.

அதால இரும்புச் சாமானுக்கு, திறப்பு, பூட்டு, வண்டிச் சாமான் எதுவா இருந்தாலும், இந்தக் கரைசலில நேர செம்பு பூசினால் நிக்காது. கரண்டால ஏற முந்தியே இந்த உதிரிச் செம்பு அடியில படிஞ்சிடும், அதுக்கு மேல ஏறின நல்ல செம்பும் அதோட சேந்து உரிஞ்சு வரும். பட்டறைகளில முதல்ல நிக்கல் மெல்லிசா ஏத்திப்போட்டுத்தான் செம்பு ஏத்துறது, இல்லாட்டி சயனைட்டுக் கரைசலில ஒரு அடிப்பூச்சு. சயனைட் வீட்டில நினைச்சும் பாக்கக்கூடாத சாமான், அமிலத்தோட சேந்தால் ஆளைக் கொல்லுற வாயு. பழகிறவைக்குப் பித்தளையும் செம்பும்தான் சரி.

சைக்கிள் டைனமோ ஏன் சரிவராது

பொருளாதாரத் தடைக் காலத்தில பற்றரி வன்னிக்குள்ள வரவே விடாத நேரம், சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட தலைமுறை இன்னும் இருக்கு. அந்த ஞாபகத்தில சிலர் டைனமோவாலயும் பூசலாமோ எண்டு கேக்கினம். டைனமோ தாறது ஆடலோட்டம், திசை மாறி மாறி வாறது. ஒரு கணம் தகட்டில ஏறுற செம்பு அடுத்த கணம் கரைஞ்சு போம், மணிக்கணக்கா மிதிச்சாலும் கணக்குக்கு ஒண்டும் நிக்காது. றேடியோவுக்குச் செய்த மாதிரி டயோட் போட்டு ஒரு திசைக்கு ஆக்கினால் ஏறும், ஆனா மிதிக்கிற வேகத்துக்கு மின்னோட்டம் ஆடும், அப்ப மீற்றருக்குப் பக்கத்தில ஒராள் கொப்பியோட இருக்க வேணும்.

மிஞ்சின நீலத் தண்ணி

கரைசலை வடிச்சு மூடி வைச்சால் கனதரம் பாவிக்கலாம், அனோட்டு கரைஞ்சு கரைஞ்சு செம்பை நிரப்பிக்கொண்டே இருக்கும். எறியிறது எண்டால் கிணத்தடியிலயோ குளத்துக்குப் போற வாய்க்காலிலயோ ஊத்தக்கூடாது, மீனுக்கும் தவளைக்கும் கொஞ்சச் செம்பே காணும். வெளியில காத்துப்படுற இடத்தில, ஒரு பிளாஸ்ரிக் வாளியில விட்டு பழைய இரும்புக் கம்பி, ஆணி, ஸ்ரீல் நார் எண்டு அள்ளிப் போடுங்கோ. மேல சொன்ன அதே தாக்கம் நடந்து செம்பு சிவப்புத் தூளா அடியில படியும், நீலம் போய் மெல்லிய பச்சையா வரும். அமிலம் இரும்பில பட்டு ஐதரசன் வரும், அதால வாளியை மூடவும் வேண்டாம், கிட்ட நெருப்பும் வேண்டாம். நீலம் முழுக்கப் போனாப் பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சங்கொஞ்சமாப் போட்டால் நுரைச்சோ சூடாகியோ அமிலம் அடங்கும், அடியில சேறு மாதிரிப் படியும். சேத்தையும் செம்புத் தூளையும் வடிச்சுக் காயவிட்டு உரைப்பையில கட்டி குழந்தையளுக்கு எட்டாத இடத்தில வையுங்கோ, தூளைப் பழைய உலோகம் வாங்கிறவன் செம்பு விலைக்கு எடுக்க மாட்டான், கேட்டும் பாத்தாச்சு.